பேட்டர்ன் உதவியாளர் பணிக்கான விண்ணப்பக் கடிதம்

அனுப்புநர்
மு. இசக்கியம்மாள்,
வீரவநல்லூர்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், பேட்டர்ன் பிரிவு,
ஆடை ஏற்றுமதி நிறுவனம்,
சிப்காட் வளாகம், கங்கைகொண்டான்.

நாள்: 15.09.2025

பொருள்: பேட்டர்ன் உதவியாளர் பணிக்கு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் நிறுவன வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எங்கள் ஊர்த் தையல்கடை அண்ணாச்சியிடம் வேலை பழகச் சேர்ந்தேன். இது 3-ஆவது வருடம். காஜா, பட்டன், ஹெம்மிங் என்று ஆரம்பித்து, இப்போது பள்ளிச் சீருடைகளுக்குப் பிரவுன் பேப்பரில் பேட்டர்ன் வரைவது என் பொறுப்பு.

அந்த வேலையை நான் கற்றது ஒரு தப்பிலிருந்துதான். 28 சைஸ் சட்டையை 36 வரை பெரிதாக்கச் சொன்னார் அண்ணாச்சி. மார்புச் சுற்றளவு 2 அங்குலம் கூடினால் கால்பாக பேட்டர்னில் அரை அங்குலம் அகலம் கூடும் அல்லவா? அதே அரை அங்குலத்தை ஆர்ம்ஹோல் ஆழத்துக்கும் கொடுத்துவிட்டேன். கால் அங்குலம்தான் கொடுத்திருக்க வேண்டும். 36-க்கு வரும்போது ஆர்ம்ஹோல் ஓர் அங்குலம் கூடுதலாக இறங்கிவிட்டது. பையன் கையைத் தூக்கினால் சட்டையே மேலே ஏறியது. நல்ல வேளை, வெட்டியது 2 சட்டைதான். துணிக்காசை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சைஸிலும் ஆர்ம்ஹோல் வளைவையும் கையின் மேல்வளைவையும் டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி அளந்து ஒப்பிட்ட பிறகே கத்தரியை எடுக்கிறேன்.

புதுத் துணி வந்தால் 50 செ.மீ. சதுரம் குறித்து, நனைத்து, காயவைத்து அளந்து பார்ப்பேன். அது 48.5 ஆனால் 3 சதவீதச் சுருக்கம். துவைத்தபின் 70 செ.மீ. நிற்க வேண்டிய நீளத்துக்கு பேட்டர்னில் 72.2 வைக்க வேண்டும். நூலோட்டக் கோடு, நாட்ச், தையலுக்கு விடும் அளவு, சைஸ், எத்தனை துண்டு என்பதை எல்லாப் பேப்பரிலும் எழுதி வைப்பது வழக்கம். அண்ணாச்சி இதையெல்லாம் மனக்கணக்கில் போடுவார், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட்டதில்லை. பனியன் துணியில் பழக்கம் குறைவு. அங்குலத்திலேயே பழகிய கை, சென்டிமீட்டருக்கு இப்போதுதான் மாறிக்கொண்டிருக்கிறது. ஆங்கில அளவுப் பட்டியலை மெதுவாக வாசித்துப் புரிந்துகொள்வேன்.

நேர்முகத்துக்கு அழைத்தால், நான் வரைந்த சட்டை, சுடிதார், அரைக்கால் டவுசர் பேட்டர்ன்களைச் சுருட்டிக் கொண்டுவருகிறேன். அங்கேயே ஒன்றை வரையச் சொன்னாலும் சரி. வண்ணார்பேட்டையில் அத்தை வீடு இருப்பதால் தினமும் வந்துபோகச் சிரமம் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள்: தீபாவளித் தையல் குவிந்து கிடக்கும்போது அண்ணாச்சியை விட்டு வர மனமில்லை. நவம்பர் 3 முதல் சேர முடியும். கைபேசி எண்ணும் மதிப்பெண் சான்றிதழ் நகலும் இத்துடன் உள்ள தன்விவரத்தில் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. இசக்கியம்மாள்