சொத்து, கடன் விவர அறிக்கை – 31.03.2025 அன்று உள்ளபடி

கிளை மேலாளர் அவர்களுக்கு,

என் மகள் ஜெர்மனியில் முதுநிலைப் பொறியியல் படிக்க 15,00,000 ரூபாய் கல்விக் கடன் கேட்டிருக்கிறோம். விசாவுக்காக முடக்கக் கணக்கில் கட்ட வேண்டிய 11,904 யூரோவும் இதிலிருந்தே போகும். இணை விண்ணப்பதாரரான நான் கும்பகோணத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர். 2001-இல் பணியில் சேர்ந்தேன். என் பெயரிலும் மனைவி பெயரிலும் உள்ளவை இவை.

சொத்துகள்

வீடும் மனையும், 1,800 சதுர அடி, என் பெயரில்: ரூ. 42,00,000. பதிவு பெற்ற பொறியாளரின் மதிப்பீடு இணைத்துள்ளேன்.

பாபநாசம் வட்டத்தில் நஞ்சை, 1 ஏக்கர் 20 சென்ட்: ரூ. 18,00,000. 2016-இல் பதிவான பாகப்பிரிவினையில் வந்தது. பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது. அக்கம்பக்கத்தில் இதைவிடக் கூடுதலாகச் சொல்கிறார்கள். விற்றால்தான் தெரியும் விலை அது, அதனால் வழிகாட்டி மதிப்பையே எடுத்துக்கொண்டேன். அண்ணனோடு பொதுவில் இருக்கும் தோப்பு இன்னும் பிரியவில்லை, அதைச் சேர்க்கவில்லை.

நகை 22 சவரன், அதாவது 176 கிராம், மனைவியுடையது: கிராம் 7,500 வீதம் ரூ. 13,20,000. அன்றைய கடை விலை இதைவிட அதிகம். பழைய நகையாக விற்றால் கட்டாயம் கைக்கு வரும் என்று நம்பக்கூடிய தொகையைத்தான் போட்டிருக்கிறேன்.

பொது சேமநல நிதி இருப்பு: ரூ. 9,60,000
வைப்புத்தொகை: ரூ. 6,00,000
சேமிப்புக் கணக்கு: ரூ. 1,35,000
ஆயுள் காப்பீடு: ரூ. 2,40,000 (பாலிசித் தொகை 5,00,000, இன்று சரண்டர் செய்தால் கிடைப்பதை மட்டும் எழுதியுள்ளேன்)
இருசக்கர வாகனம்: ரூ. 35,000

மொத்தம்: ரூ. 92,90,000

கடன்கள்

வீட்டுக் கடன் பாக்கி, தங்கள் கிளையிலேயே: ரூ. 8,70,000
நகைக் கடன்: ரூ. 2,10,000. மேலே சொன்ன நகையில் 6 சவரன் கூட்டுறவு வங்கியில் அடகில் இருக்கிறது.
சீட்டு எடுத்தாகிவிட்டது, இன்னும் 8 மாதம், மாதம் 10,000 வீதம்: ரூ. 80,000
மைத்துனரிடம் கைமாற்று: ரூ. 1,50,000. இதற்குப் பத்திரம் எதுவும் கிடையாது. ஆனாலும் திருப்பித் தர வேண்டிய பணம்தானே, எழுதியாக வேண்டும்.

மொத்தம்: ரூ. 13,10,000

நிகர மதிப்பு: ரூ. 79,80,000

இன்னொன்றையும் தெரிவிக்க வேண்டும். சக ஆசிரியர் ஒருவரின் சங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பாக்கி 1,80,000. அவர் தவறாமல் கட்டி வருவதால் கடன் கணக்கில் சேர்க்கவில்லை. அதையும் கழித்துப் பார்த்தால் ரூ. 78,00,000 நிற்கும்.

கல்விக் கடனுக்கு ஈடாக, ஏற்கெனவே தங்களிடம் அடமானத்தில் உள்ள வீட்டையே நீட்டித்துத் தரச் சம்மதம். நிலத்தை ஈடாகத் தரவில்லை.

இணைப்பு: வில்லங்கச் சான்று, பட்டா நகல், மதிப்பீட்டு அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம், சேமநல நிதிக் கணக்குச் சீட்டு, வீட்டுக் கடன் மற்றும் நகைக் கடன் பாக்கிச் சான்றுகள்.

மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறோம்.

கும்பகோணம், 04.04.2025
மாணவியின் தந்தை (இணை விண்ணப்பதாரர்), தாய்