பூட்டு இல்லாத அலமாரி: ஒரு கிராமப் பள்ளி நூலகத்துக்கு நிதி கேட்கும் காணொளி உரை

இடம்: காங்கேயம் – தாராபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 46 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள்.

பேசுபவர்கள்: தலைமையாசிரியை, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் (மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா), பட்டறைக்காரர்.

படம் பிடிப்பவருக்கு: எந்தப் பிள்ளையின் முகமும் நேராக வர வேண்டாம். கை, முதுகு, புத்தகம் மட்டும். சோக இசை கிடையாது. வகுப்பறைச் சத்தம் அப்படியே இருக்கட்டும்.

காட்சி 1. பள்ளி வராந்தா. பச்சை நிற இரும்பு பீரோ, பூட்டியபடி. தலைமையாசிரியை சாவி போட்டுத் திறக்கிறார்.

தலைமையாசிரியை: வணக்கமுங்க. எங்க பள்ளிக்கூடத்து நூலகம் இந்த பீரோதானுங்க. உள்ள 212 புத்தகம் இருக்குது. கேக்கறப்ப நெறைய இருக்கற மாதிரி தெரியும். ஒவ்வொண்ணா எடுத்துப் பிரிச்சு வெச்சுப் பாத்தோம்.

மேசைமேல் மூன்று அடுக்குகள். கேமரா மெதுவாக ஒவ்வொன்றாக.

தலைமையாசிரியை: இந்த அடுக்கு 90. பழைய பாடத்திட்டப் புத்தகம், கைடு, போட்டித் தேர்வுப் புத்தகம். நல்ல மனசோட கொடுத்ததுதான், ஆனா இங்க படிக்கறது ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்குமுங்க. இது 84. பெரியவங்க படிக்கற கதை, கட்டுரை. எழுத்துப் பொடியா இருக்கும், படம் இருக்காது. மூணாவது படிக்கற பிள்ளை தானா எடுத்து வாசிக்கற மாதிரி இருக்கறது கடைசி அடுக்கு மட்டும். 38.

அரசாங்கத்தோட வாசிப்பு இயக்கப் புத்தகங்க தனியா இருக்குது. நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியா வந்த சின்னப் புத்தகங்க. நல்லா இருக்குதுங்க, அத இல்லைன்னு சொல்லி உங்ககிட்டக் காசு கேக்க மாட்டோம். அதையெல்லாம் வாசிச்சு முடிச்ச பிள்ளைக அடுத்து என்னன்னு கேக்குதுக. அதுக்குத்தான் கேக்கறோம்.

நெருக்கக் காட்சி: ஒரு புத்தகத்தின் நடுப்பக்கம். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, தாளில் பழுப்புக் கறை. பக்கம் கையோடு வருகிறது.

தலைமையாசிரியை: இதப் பாருங்க. ஐப்பசி மழைல செவுரு ஓதம் ஏறும். பூட்டின பீரோவுக்குள்ள காத்து போகாது. பின்னு துருப்பிடிச்சுத் தாளைத் தின்னுரும். கிழிஞ்சத செலோடேப் போட்டு ஒட்டினா ரெண்டே வருசத்துல மஞ்சளாகிப் பிசுபிசுன்னு புழுதிய இழுத்துக்கும். இனி பின்னு எடுத்துட்டு நூல் போட்டுத் தைக்கறது, முதுகுல துணி டேப் ஒட்டறதுன்னு முடிவு பண்ணியிருக்கறோம். செலவு கம்மிதான், கைவேலைதான் ஜாஸ்தி.

காட்சி 2. சத்துணவுப் பொருள் வைத்திருந்த பழைய அறை. இப்போது காலி. குழுத் தலைவர் உள்ளே நிற்கிறார்.

தலைவர்: நூலகத்துக்குன்னு இந்த ரூம ஒதுக்கியிருக்கறோமுங்க. பன்னெண்டுக்குப் பதினாறு அடி. கூரை ஒழுகறதில்ல. கட்டடம் கட்டறதுக்கு உங்க காசுல ஒரு ரூவா போகாது, அது ஒன்றியத்தோட பொறுப்பு. ஆனா புத்தகம் உள்ள வர்றதுக்கு முன்னாடி மூணு வேலை முடிச்சாகோணும்.

சுவரும் தரையும் சேரும் இடம். கரையான் மண் கோடு மேலே ஏறியிருக்கிறது. தலைவர் குச்சியால் உதிர்க்கிறார். உள்ளே கரையான் ஓடுகிறது.

தலைவர்: மொதல்ல கரையான். மேலாக்க மருந்தடிச்சா நாலு மாசத்துல திரும்ப வந்துரும், ஏன்னா புத்து மண்ணுக்குள்ள இருக்குது. செவுரும் தரையும் சேர்ற எடத்துல அடிக்கொரு ஓட்டை போட்டு, உள்ள மருந்து ஊத்தி, சிமெண்ட்டு வெச்சு அடைக்கோணும். வெள்ளிக்கெழம பொழுதோட பள்ளிக்கூடம் விட்டதுக்கப்பறம் செஞ்சு, மூணு நாளைக்கு ரூமப் பூட்டி வெச்சிருவோம், பிள்ளைக கிட்டப் போகாம. 6,500 ரூவா.

ரெண்டாவது சன்னல். பாலக்காட்டுக் கணவாய்ல பூந்து வர்ற காத்து ஆடி மாசம் இங்க என்ன வேகத்துல அடிக்கும்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். இந்த ரூமுல ரெண்டு சன்னலும் மேக்கால பாத்து இருக்குது. கதவு இல்ல. காத்தால கூட்டினா மத்தியானம் புழுதி விரல்ல ஒட்டும். வலையும் இரும்புக் கதவும் போடறதுக்கு 9,500. கரண்டு வேலை, ரெண்டு எல்இடி லைட்டு, ஒரு ஃபேன் 7,000. ரூமுக்கு மொத்தம் 23,000.

காட்சி 3. காங்கேயத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. பாதி முடிந்த மாதிரி அலமாரி.

பட்டறைக்காரர்: நாலடி ஒசரம், நாலடி அகலமுங்க. ஒண்ணாவது படிக்கற பையன் கை எட்டோணும்னு சொன்னாங்க, அதனால அதுக்கு மேல போகல. ஒவ்வொரு தட்டும் சாய்வா இருக்கும், முன்னால அரை அங்குலம் மடிச்சு விட்டிருக்கறேன், புத்தகம் சறுக்காது. காலு தரைல இருந்து மூணு அங்குலம் தூக்கல். கூட்டித் தொடைக்கலாம், கரையான் ஏறுனா கண்ணுல படும். ஓரமெல்லாம் தேச்சு விட்டிருக்குது, கை கிழிக்காது. செவுத்துல ஒட்ட வெக்கக் கூடாதுங்க, ஓதம் இறங்கும். ரெண்டு அங்குலம் தள்ளி வெச்சு, கிளாம்பு போட்டு முடுக்கிரோணும். இல்லீன்னா பிள்ளை ஏறி இழுத்தா மேல சாஞ்சுரும்.

அலமாரியில் சில புத்தகங்கள் முன்னட்டை தெரிய வைக்கப்படுகின்றன.

தலைமையாசிரியை (குரல் மட்டும்): சின்னப் பிள்ளைக முதுகெழுத்தப் படிச்சுப் புத்தகம் எடுக்காதுக. அட்டைப் படத்தப் பாத்துத்தான் எடுக்கும். இப்படி வெச்சா ஒரு அலமாரில 24 புத்தகம்தான் முகம் காட்டும், மீதி கீழ்த் தட்டுல நிக்கும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா மாத்தி அடுக்கிருவோம். நாலு அலமாரி, ஒண்ணு 6,800. கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது. கீழ விரிச்சு உக்கார நாலு பவானி ஜமுக்காளம், 4,800. நாற்காலி மேசை கேக்கல. ரூமு அடைஞ்சு போகும், தரைல உக்காந்தா முப்பது பிள்ளைக உக்காரலாம்.

காட்சி 4. தலைமையாசிரியை கையில் ஒரு பட்டியல்.

தலைமையாசிரியை: புத்தகம் 600 வாங்கறோமுங்க. ஒண்ணு, ரெண்டாம் வகுப்புக்கு பெரிய எழுத்து, பக்கத்துக்கு ரெண்டு மூணு வரி, 250. மூணுல இருந்து அஞ்சாவது வரைக்கும் 200. பூச்சி, பறவை, கோள், மிஷினு எப்படி ஓடுது, அந்த மாதிரி 50. பிள்ளைக அடிச்சுப் புடிச்சு எடுக்கற புத்தகத்துக்கு ரெண்டாம் பிரதி 40.

மீதி 60 புத்தகத்தப் பத்திக் கொஞ்சம் சொல்லோணும். பக்கத்துத் தேங்காநார் மில்லுக்கு வேலைக்கு வந்தவங்க பிள்ளைக ஆறு பேரு இங்க படிக்கறாங்க. வீட்டுல பேசறது இந்தியும் ஒடியாவும். தமிழெழுத்து இப்பத்தான் பழகுதுக. அவங்களுக்கு எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகமும், ரெண்டு மொழில அச்சடிச்ச புத்தகமும் வேணும். எழுத்தில்லாப் புத்தகம்னா நம்ம பிள்ளைகளும் படத்தப் பாத்துத் தானா கதை கட்டுதுக. பேச்சே எடுக்காத பிள்ளை அங்கதான் வாயத் தொறக்குது.

கழிவு போக ஒண்ணு சராசரி 75 ரூவா, மொத்தம் 45,000. ஆகஸ்டுல ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும். அங்க போயி கையில எடுத்துப் பாத்துத்தான் வாங்குவோம். எழுத்தளவு, தாளு, தையல் மூணும் நேர்ல பாத்தாத்தான் தெரியும். நாலாவது, அஞ்சாவது பிள்ளைக பத்துப் பேரக் கூட்டிட்டுப் போயி நூறு புத்தகம் அவங்களையே எடுக்கச் சொல்லப் போறோம்.

காட்சி 5. ஒரு பெண்ணின் கை, கோடு போட்ட நோட்டில் எழுதுகிறது. பக்கத்தில் நான்கு நிற டேப்.

தலைவர்: இப்ப உள்ளதுலயே பெரிய தொகையச் சொல்றேனுங்க. 50,000. இது புத்தகத்துக்கு இல்ல, ஆளுக்கு.

ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பப் பாத்துக்கறாங்க. அவங்க தலைல இதையும் கட்டினா மறுபடியும் பீரோ மாதிரிப் பூட்டித்தான் கெடக்கும். பல ஊர்ல நூலகம் தொறந்த ஆறே மாசத்துல படுத்துக்கறது புத்தகம் இல்லாம இல்லீங்க, எடுத்துக் குடுக்க ஆளில்லாம. அதனால பன்னெண்டாவது முடிச்ச ஒரு உள்ளூர்ப் பொண்ண வெக்கறோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம், பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணி நேரம், சனிக்கெழம காத்தால. மாசம் 2,500. கோடை லீவு போக வருசத்துக்குப் பத்து மாசம், ரெண்டு வருசத்துக்கு.

நோட்டு நெருக்கத்தில்: பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, புத்தக எண், திரும்பிய தேதி.

தலைவர்: வாரத்துக்கு ஒரு புத்தகம் வீட்டுக்குக் கொண்டு போகலாம். தொலைச்சா, கிழிச்சா அபராதம் இல்ல. அபராதம் போட்டா வீட்டுல "எதுக்குடா வம்பு, எடுத்துட்டு வராத"ம்பாங்க. கொஞ்சம் போகத்தான் செய்யும். ரெண்டாம் வருசம் 100 புத்தகம் புதுசா வாங்க 7,500 இப்பவே எடுத்து வெச்சிருக்கறோம். நோட்டு, டேப்பு, ஊசி நூலுக்கு 3,000.

காட்சி 6. கரும்பலகை. தலைமையாசிரியை சுண்ணாம்புக்கட்டியால் கணக்கு எழுதுகிறார். பேசப் பேசத் தொகைகள் தெரிய வேண்டும்.

தலைமையாசிரியை: ரூமு 23,000. அலமாரி 27,200. ஜமுக்காளம் 4,800. புத்தகம் 45,000. நோட்டு, டேப்பு 3,000. ஆளுக்கு 50,000. ரெண்டாம் வருசப் புத்தகம் 7,500. கூட்டினா 1,60,500.

ஊர்லயும் பழைய மாணவர்ககிட்டயும் 34,500 சேந்திருச்சு. உங்ககிட்டக் கேக்கறது 1,26,000.

75 ரூவா ஒரு புத்தகம். 2,500 ஒரு மாசம் நூலகம் தொறந்திருக்கும். 6,800 ஒரு அலமாரி. ஆனா நீங்க எதுக்குன்னு சொல்லிக் கொடுத்தாலும் பணம் ஒரே கணக்குலதான் சேரும்; முழுசா வரலீன்னா வரிசைப்படிதான் செலவாகும். மொதல்ல கரையானும் சன்னலும், அப்பறம் ஆறு மாசத்துக்கு ஆளு, ரெண்டு அலமாரி, 250 புத்தகம். ஃபேனும் ஜமுக்காளமும் கடைசி. மேல வந்தா வாங்க மாட்டோம். தொகை சேந்த அன்னைக்கே பணம் அனுப்பற கியூஆர் கோட எடுத்துருவோம்.

காட்சி 7. தலைவரும் தலைமையாசிரியையும் பக்கத்தில் பக்கத்தில். திரையின் ஓரத்தில் கியூஆர் கோடு, பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கு விவரம்.

தலைவர்: பணம் போறது மேலாண்மைக் குழுக் கணக்குக்கு. தனி ஆள் நம்பருக்கு யாராச்சும் கேட்டா அது நாங்க இல்ல, போட்டுராதீங்க. எடுக்கோணும்னா நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணும். மாசா மாசம் அஞ்சாந்தேதி பில்லும் வங்கி வரவு செலவும் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகைல ஒட்டுவோம், அதையே படம் புடிச்சு கொடுத்தவங்களுக்கு அனுப்புவோம்.

தலைமையாசிரியை: மூணு விசயம் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. இதுக்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது, ரசீது மட்டும் தருவோம். வெளிநாட்டுல இருக்கற இந்தியக் குடிமக்கள் இங்க இருக்கற அவங்க வங்கிக் கணக்குல இருந்து அனுப்பலாம். வேற நாட்டுக் குடியுரிமை வாங்கினவங்ககிட்ட நாங்க வாங்க முடியாது, அதுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேணும், எங்களுக்கு இல்ல. பழைய புத்தகம் மூட்டையா அனுப்ப வேண்டாமுங்க. குடுக்கோணும்னு இருந்தா மொதல்ல அட்டையும் ஒரு உள்பக்கமும் படம் எடுத்து அனுப்புங்க. பிள்ளைக வாசிக்கறாப்ல இருந்தா வாங்கிக்கறோம்.

தலைவர்: சூலை 31 வரைக்கும் வாங்குவோம். ஆகஸ்டுல புத்தகம். செப்டம்பருக்குள்ள மருந்து வேலையும் அலமாரியும் முடிஞ்சாகோணும், அப்பறம் மழை புடிச்சா செவுரு காயாது. அக்டோபர் மொதல் சனிக்கெழம காத்தால பத்து மணிக்கு ரூமு தொறக்கும். கொடுத்தவங்க, கொடுக்காதவங்க யாரு வேணாலும் வந்து நோட்டப் பொரட்டிப் பாக்கலாமுங்க.

கியூஆர் கோடும் கணக்கு விவரமும் திரை முழுக்க, 15 விநாடி. பின்னணியில் வகுப்பறைச் சத்தம் மட்டும்.