வன்னி விழா நாட்காட்டி, ஆகஸ்ட் 2026: ஆடி அமாவாசை, மடு ஆவணித் திருவிழா, ஆவணி ஞாயிறு

தேடலில் தெரியும் விவரிப்பு:
ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12 புதன். மடுத் திருவிழா 15 சனி, கொடியேற்றம் 6 வியாழன். ஆவணி ஞாயிறு 23, 30. பாலாவி, மடுப் பயண விவரங்கள்.

பக்க விவரிப்பு:
இந்த மாதம் திகதி தேடுபவர்களைத் தடுமாற வைப்பது "ஆவணி" என்ற ஒரு சொல்தான். நம் பேச்சில் ஆகஸ்ட் என்றால் ஆவணி. மடுவின் பெரிய திருவிழாவையும் ஆவணித் திருவிழா என்றே சொல்கிறோம். பஞ்சாங்கத்திலோ ஆகஸ்ட் 15 அன்று ஆடி முடிய இன்னும் ஓரிரு நாள் கிடக்கும். ஆகவே மடுவுக்குப் போகிறவர்கள் பஞ்சாங்க ஆவணியைப் பார்த்து லீவு போட்டால் திருவிழா முடிந்தபின்தான் போய்ச் சேர்வார்கள். மடுவுக்கு ஆங்கிலத் திகதி, கோயில் விரதங்களுக்குப் பஞ்சாங்க மாதம். இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் தரப்பட்டுள்ளது.

ஆடி அமாவாசை, 12 புதன்
அமாவாசைத் திதி அன்று இரவு 11 மணியளவில்தான் முடிகிறது. பகல் முழுவதும் திதி இருப்பதால் 11 ஆம் திகதியா, 12 ஆம் திகதியா என்ற குழப்பம் இம்முறை இல்லை. அதே நாளில் முழுச் சூரிய கிரகணமும் வருகிறது. ஆனால் அது நமக்கு நள்ளிரவை அண்டிய நேரம். இங்கே தெரியாது, தர்ப்பணத்தைத் தள்ளிப்போடத் தேவையுமில்லை.

தகப்பனை இழந்தவர்களின் விரதம் இது. தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. வன்னியிலிருந்து பலர் திருக்கேதீச்சரத்துப் பாலாவிக்குப் போவார்கள். மன்னார்ப் பாலம் ஏற வேண்டாம், கோயில் பாலத்துக்கு இப்பாலேயே இருக்கிறது. விடியற்காலையில் போய்ச் சேர்ந்தால் ஐயரைப் பிடிக்கலாம். வெயில் ஏறிய பிறகு வரிசையும் ஏறும். எள், தர்ப்பை, பச்சரிசி ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. இறந்தவர்களின் பெயர்களை மூன்று தலைமுறைக்குத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஐயர் கேட்கும்போது பாட்டனின் தகப்பன் பெயர் பலருக்கு வாயில் வருவதில்லை. அரச விடுமுறை நாள் அல்ல என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே லீவு சொல்லிவையுங்கள்.

விரதச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய் தேடுபவர்கள் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். முந்திய நாள் சந்தையில் விலையும் ஏறும், நல்ல காயும் முடிந்துவிடும். பிஞ்சாகப் பார்த்து வாங்கி, பிளந்து விதையைச் சுரண்டி எடுத்துவிட்டு உப்புத்தண்ணீரில் ஊறவிட்டுப் பொரிக்க வேண்டும். விதையோடு பொரித்தால் கைப்பு வாயை விட்டுப் போகாது.

மடு அன்னையின் ஆவணித் திருவிழா, 15 சனி
6 ஆம் திகதி கொடியேற்றம், தொடர்ந்து 9 நாள் நவநாள், 14 வெள்ளி மாலை வேஸ்பர், 15 காலையில் திருவிழாத் திருப்பலி. தங்குமிடம் வேண்டுமென்றால் இப்போதே, உங்கள் பங்கு ஊடாக விசாரியுங்கள். ஆகஸ்ட் பிறந்த பிறகு கேட்பவர்களுக்குக் கூடாரம்தான் மிஞ்சும். கூடாரம் அடிப்பவர்கள் தறப்பாள், கயிறு, டோர்ச், தண்ணீர்க் கான் கொண்டுபோங்கள். காடு காய்ந்து கிடக்கும் காலம், புழுதியும் தாகமும் நினைப்பதைவிட அதிகம். மரத்தடியில் அடுப்பு மூட்டினால் அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மடு வீதி நிலையம் கோயில் வாசல் அல்ல. அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸிலோ ஓட்டோவிலோ போக வேண்டும். வவுனியாவிலிருந்து வாகனத்தில் வருவதானால் பறயனாலங்குளம் வழி. இரவில் யானை குறுக்கிடலாம், மெதுவாக ஓடுங்கள். சனிக்கிழமையில் விழுவதால் இம்முறை வெள்ளி பின்னேரம் வீதி நெரிசல்படும். முடிந்தால் வியாழனே போய்விடுங்கள்.

மற்ற நாட்கள்
ஆடி வெள்ளி 7, 14. ஆடிச் செவ்வாய் 4, 11. ஆவணி ஞாயிறு 23, 30: விடிய முற்றத்தில் சூரியனுக்குப் பொங்கல். 16 ஆம் திகதி ஞாயிறு ஆடியில் வருவதால் அதைச் சேர்க்காதீர்கள். 26 புதன் மீலாதுன் நபி, பிறை பார்த்து உறுதியாகும். 27 வியாழன் நிக்கினிப் போயா. இரண்டும் அடுத்தடுத்து வருவதால் வங்கி, கச்சேரி வேலைகளை 25 செவ்வாய்க்கு முன் முடித்துவிடுங்கள்.

விநாயகர் சதுர்த்தியை இந்த மாதத்தில் தேடி வந்தவர்களுக்கு: அது செப்டெம்பர் 14 திங்கள்.