இரகசியத் தகவல்களை வெளியிடாமை பற்றிய உடன்படிக்கை

நல்லூரில் இயங்கும் ‘கோலக்கோடு வடிவமைப்பகம்’ என்னும் வியாபாரத்தின் தனி உரிமையாளரான திரு. சிவபாலன் நிரோஜன் (இதன்பின் ‘வடிவமைப்பகம்’) அவர்களுக்கும், கோண்டாவிலில் வசிக்கும் சுயாதீன வடிவமைப்பாளரான செல்வி தவராசா அபிராமி (இதன்பின் ‘வடிவமைப்பாளர்’) அவர்களுக்கும் இடையே, 2026 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் இவ்வுடன்படிக்கை செய்துகொள்ளப்படுகிறது.

1. பின்னணி

பனை உற்பத்திப் பொருள்களை விற்கும் வாடிக்கையாளர் ஒருவருக்காக ஒடியல் மா, பனங்கட்டி, புழுக்கொடியல், பனாட்டு ஆகியவற்றின் பொதியுறைகளையும் புதிய இலச்சினையையும் உருவாக்கும் பணியில், 2026 ஜனவரி 19 முதல் ஏப்ரல் 30 வரை வடிவமைப்பாளர் பங்கேற்கிறார். வாடிக்கையாளரின் பெயரும் இரகசியமே ஆதலால் அது இங்கே எழுதப்படாமல், இரு தரப்பினரும் தனியே ஒப்பமிட்ட பணிக் கட்டளையில் மட்டும் குறிக்கப்பட்டுள்ளது.

2. இரகசியத் தகவல்

இப்பணியின் பொருட்டு வடிவமைப்பகமோ வாடிக்கையாளரோ வடிவமைப்பாளருக்கு எழுத்திலோ வாய்மொழியிலோ கோப்பாகவோ தெரிவிக்கும், பொதுமக்கள் அறியாத தகவல்கள் யாவும் இரகசியத் தகவலாகும். ‘இரகசியம்’ என்ற முத்திரை இல்லை என்பதால் மட்டும் ஒரு தகவல் இவ்வரையறைக்கு வெளியே போகாது; ஆயினும் வரையறை எல்லையற்று விரியாதிருக்க, இரு தரப்பினரும் பின்வருவனவற்றையே முதன்மையாகக் கருதுகின்றனர்:

(அ) வெளியிடப்படாத வரைவுகள், கைவிடப்பட்ட மாதிரிகள், அச்சகத்துக்கு அனுப்பும் கோப்புகள், மாதிரி அச்சுகள்;
(ஆ) புதிய பொருள்களின் பெயர்கள், விலைகள், சந்தைக்கு வரும் திகதி;
(இ) வாடிக்கையாளரின் தயாரிப்பு முறை, மூலப்பொருள் வழங்குநர்கள், கொள்வனவு விலை;
(ஈ) வடிவமைப்பகத்தின் விலைக்கோரல்களும் கடவுச்சொற்களும்;
(உ) பணியின்போது காண நேரும் தனிநபர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், முகவரி போன்ற தரவுகள்.

3. உள்ளடங்காதவை

வடிவமைப்பாளரின் தவறின்றிப் பகிரங்கமானவை, அவர் முன்னரே அறிந்திருந்தவை, வெளியிடும் உரிமையுள்ள மூன்றாம் தரப்பிடம் அவர் பெற்றவை, இத்தகவல்களைப் பயன்படுத்தாமல் அவர் தாமே உருவாக்கியவை ஆகியன இரகசியத் தகவல் அல்ல. அவருடைய பொதுவான திறமையும் அனுபவமும் எவ்வகையிலும் கட்டுப்படுத்தப்படவில்லை; இதே தொழில் செய்யும் வேறொருவருக்கு அவர் வடிவமைப்பதை இவ்வுடன்படிக்கை தடுக்காது.

4. கடப்பாடுகள்

வடிவமைப்பாளர் இரகசியத் தகவலை இப்பணிக்கு மட்டுமே பயன்படுத்துவார்; வடிவமைப்பகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி எவருக்கும் காட்டமாட்டார். அபிப்பிராயம் கேட்பதற்காக வரைவொன்றை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்புவதும், வாட்ஸ்அப் நிலைப்பதிவில் திரையின் ஓரம் தெரியும் படத்தைப் போடுவதும் வெளியிடுதலே ஆகும். மாதிரி அச்சுகளை வடிவமைப்பகம் பெயர் குறித்த அச்சகத்தில் மட்டும் எடுத்து, பழுதான தாள்களையும் மீளப் பெற்றுக்கொள்ள வேண்டும். நீதிமன்றமோ சட்டமோ வெளிப்படுத்துமாறு கட்டளையிடின், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு முன்கூட்டியே அறிவித்து, கோரப்பட்ட பகுதியை மட்டும் வெளிப்படுத்தலாம்.

5. காலம்

இக்கடப்பாடுகள் மேற்கூறிய திகதியில் தொடங்கி, பணி முடிந்த அல்லது இடையில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை நீடிக்கும். இதற்கு மூன்று விதிவிலக்குகள் உண்டு. சந்தைக்கு வந்த பொதியுறையின் இறுதி வடிவம், அது வெளிவந்த நாளிலேயே இரகசியமாயிருப்பது முடிகிறது. கைவிடப்பட்ட மாதிரிகளுக்கு இவ்விதிவிலக்கு பொருந்தாது. தயாரிப்பு முறையும் வழங்குநர் விபரமும் வியாபார இரகசியமாக நீடிக்கும் காலம் வரை காக்கப்படும். தனிநபர் தரவுகளுக்குக் கால எல்லை இல்லை. அவை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கருத்திற்கொண்டு கையாளப்படும்.

6. மீளளித்தலும் அழித்தலும்

பணி முடிந்து ஏழு நாள்களுக்குள் வடிவமைப்பாளர் கோப்புகளையும் அச்சுகளையும் ஒப்படைத்து, மடிக்கணினி, கைத்தொலைபேசி, தாமாகவே பிரதியெடுக்கும் இணையச் சேமிப்பகம் ஆகியவற்றிலுள்ள பிரதிகளை அழித்து, அதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்துவார். பொருள் சந்தைக்கு வந்தபின் இறுதி வடிவத்தைத் தமது படைப்புத் தொகுப்பில் சேர்க்கலாம். இதற்கான அனுமதி இப்போதே வழங்கப்படுகிறது.

7. மீறல்

தகவல் கசிந்ததை அறிந்தவுடன் வடிவமைப்பாளர் 24 மணித்தியாலங்களுக்குள் அறிவிக்க வேண்டும். வடிவமைப்பகம் தடை உத்தரவும் உண்மையான நட்டத்துக்கான ஈடும் கோரலாம்; 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழுள்ள பரிகாரங்களும் பாதிக்கப்படா. எனினும், முடித்துக் கொடுத்த வேலைக்குரிய கொடுப்பனவை மீறல் நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் வடிவமைப்பகம் நிறுத்திவைக்கலாகாது.

8. சட்டம்

இவ்வுடன்படிக்கை இலங்கைச் சட்டத்துக்கு உட்பட்டது. பிணக்கு எழுந்தால் தரப்பினர் முதலில் நேரில் பேசுவர். 21 நாள்களுக்குள் தீராவிடின் நியாயாதிக்கமுள்ள நீதிமன்றத்தை நாடலாம். திருத்தங்கள் இருவரும் எழுத்தில் ஒப்பமிட்டால் மட்டுமே செல்லும்.

இரு தரப்பினரும் முழுவதையும் வாசித்து விளங்கிக்கொண்டு, இரு பிரதிகளில் ஒப்பமிட்டு ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டனர்.

(ஒப்பம்) சிவபாலன் நிரோஜன், உரிமையாளர், கோலக்கோடு வடிவமைப்பகம்
(ஒப்பம்) தவராசா அபிராமி, சுயாதீன வடிவமைப்பாளர்