மதியச் சாப்பாட்டில் பருப்பும் முட்டையும் கேட்டு ஒரு தாயின் கடிதம்

நாமக்கல்,
14.7.2025

அனுப்புநர்
செ. மலர்விழி,
9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன் செ. கவினின் தாய்.

பெறுநர்
பொறுப்பாளர் அவர்கள்,
பள்ளி உணவகம்.

பொருள்: மதியச் சாப்பாட்டில் புரதம் போதிய அளவு சேர்க்கக் கோருதல்.

ஐயா,

வணக்கம். நான் தையல் வேலை செய்பவள். என் மகன் வளர்வது எனக்கு முதலில் தெரிவது இஞ்சு டேப்பில்தான். போன ஜூனில் தைத்த பேண்ட்டின் மடிப்பை இரண்டு முறை பிரித்து இறக்கிவிட்டேன். இனிப் பிரிக்கத் துணி இல்லை. ஓராண்டில் மூன்றரை அங்குலம் உயர்ந்திருக்கிறான். ஆனால் இடுப்பளவு ஒரு நூல்கூட மாறவில்லை. மாலை 5.45க்கு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பையைக் கழற்றாமலே அடுப்படிக்கு வருகிறான். நான்கு தோசை உள்ளே போன பிறகுதான் பேச்சே வருகிறது.

பெற்றோர் கூட்டத்தன்று உங்கள் உணவகத்தில் நானும் சாப்பிட்டேன். சோறு பதமாக இருந்தது, இடமும் சுத்தமாக இருந்தது. அதில் எனக்குக் குறையில்லை. சாம்பாரில்தான் கரண்டியை அடிவரை விட்டுத் துழாவியும் முருங்கைக்காய்த் துண்டுதான் வந்தது, பருப்பு வரவில்லை. வாரப் பட்டியலையும் பார்த்தேன். திங்கள் சாம்பார் சாதம், செவ்வாய் எலுமிச்சை சாதம், புதன் புளிசாதம், வியாழன் காய்கறி சாதம், வெள்ளி தயிர்சாதம். தொட்டுக்கொள்ள அப்பளம், உருளைக்கிழங்கு, ஊறுகாய். ஐந்து நாளும் பெயர்தான் மாறுகிறது, தட்டில் இருப்பது சோறுதான்.

13 முதல் 15 வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 45 கிராம் புரதம் வேண்டும், பெண்பிள்ளைக்கு 43 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. மூன்று வேளைக்குப் பிரித்தால் மதியத்துக்கு 15 கிராமாவது வர வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கான மதிய உணவுத் திட்டத்தில் 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்கே 30 கிராம் பருப்பு, 20 கிராம் புரதம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவிலுள்ள அரசுப் பள்ளியில் சத்துணவோடு முட்டையும் தருகிறார்கள். மாதம் 1,800 ரூபாய் கட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு அப்பளம். லாரி லாரியாக முட்டை ஏற்றி அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருப்பது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது.

வீட்டிலிருந்தே கொடுத்தனுப்பலாமே என்று நீங்கள் நினைக்கலாம். இந்த ஆண்டு முதல் எல்லோரும் உணவகத்தில்தான் சாப்பிட வேண்டும் என்று பள்ளி சொல்லிவிட்டது. காலை 6.40க்கு பஸ். அந்த நேரத்தில் இரண்டு இட்லிக்கு மேல் அவனுக்கு இறங்குவதில்லை. ஆகவே மதியச் சாப்பாட்டைத்தான் நம்பியிருக்கிறோம்.

நான் கேட்பது பெரிய மாற்றமில்லை. சாம்பாருக்குத் தலைக்கு 30 கிராம் பருப்புக் கணக்கில் போடுங்கள். அதிலேயே ஆறு கிராமுக்குக் குறையாமல் புரதம் கிடைத்துவிடும். கலந்த சாதம் போடும் நாட்களில் அப்பளத்துக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் வையுங்கள். கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறப்போடும் வேலை இருக்கிறது, தெரியும். பச்சைப்பயறானால் அவ்வளவு நேரம் ஊற வேண்டியதில்லை. வேர்க்கடலை சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது என்பதால் அதைக் கேட்கவில்லை. வாரத்தில் மூன்று நாளாவது, சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு அவித்த முட்டை; அதில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. முட்டை தொடாத பிள்ளைகளுக்கு அன்று சுண்டலைக் கூடுதலாகவோ ஒரு கப் தயிரோ கொடுக்கலாம்.

செலவு உங்களுக்கு ஏறும் என்பது புரிகிறது. முட்டைக்குத் தனி டோக்கன் போட்டால் அந்தத் தொகையைக் கட்ட நான் தயார். எங்கள் பஸ்ஸில் வரும் பதினொரு பிள்ளைகளின் அம்மாக்களிடமும் கேட்டுவிட்டேன். ஒன்பது பேர் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். இருவர் வீட்டில் சைவம். அவர்கள் சுண்டலுக்குச் சரி என்றார்கள். நிர்வாகத்தின் அனுமதி வேண்டுமென்றால் சொல்லுங்கள், தலைமையாசிரியரிடம் நாங்களே சேர்ந்து வந்து பேசுகிறோம்.

இன்னொன்று. பரிமாறும் அக்காவிடம் கவின் இரண்டாம் முறை சாம்பார் கேட்டதற்கு, "சோறு வேணும்னா போடுறேன்" என்றாராம். அவர் மேல் குற்றமில்லை. அண்டாவில் இருப்பதைத்தானே அவர் ஊற்ற முடியும். பருப்போ சுண்டலோ கேட்கும் பிள்ளைக்கு மறுமுறையும் கிடைக்க ஏற்பாடு செய்தால் போதும்.

வரும் புதன்கிழமை மாலை 4 மணிக்குச் சீருடை கொடுக்கப் பள்ளிக்கு வருகிறேன். அப்போது உணவகத்தில் உங்களைப் பார்க்கலாமா என்று கவினின் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
செ. மலர்விழி