யாழினியின் பெட்டிப் பட்டியல்: கும்பகோணத்திலிருந்து ஜெர்மனியின் டிரெஸ்டனுக்கு

யாழினி, இதை அச்செடுத்துப் பீரோ கதவில் ஒட்டிவிடு. சித்தியும் சித்தப்பாவும் படிக்கட்டும். பெட்டிக்குள் போனதை மட்டும் டிக் செய். வாங்கி வைத்ததை வேண்டாம்.

எடைக் கணக்கு

உன் டிக்கெட்டில் மாணவர் சலுகையோடு சேர்த்து 40 கிலோ. எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது. விமானத்துக்குள் கொண்டுபோகும் பை 7 கிலோ. விமான நிறுவனத்தின் கணக்கு இவ்வளவுதான். நம் கணக்கு வேறு. பிராங்பர்ட்டில் இறங்கியதும் டிரெஸ்டனுக்கு நாலரை மணி நேர ரயில் பயணம். பெட்டியை ரயிலில் ஏற்றுவதும் இறக்குவதும் நீதான், போர்ட்டரை எதிர்பார்க்காதே. ஆகவே 30 கிலோ பெட்டி வேண்டவே வேண்டாம்.

பெரிய பெட்டி: 20 கிலோ (காலிப் பெட்டியே நாலரை கிலோ இருக்கும்)
சிறிய பெட்டி: 17 கிலோ
மிச்சம் 3 கிலோ: காலியாகவே இருக்கட்டும். வழியனுப்ப வருகிறவர்கள் கடைசி நேரத்தில் ஏதாவது கையில் கொடுப்பார்கள்.

கொக்கி மாட்டித் தூக்கும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். குளியலறைத் தராசில் பெட்டியோடு ஏறி நின்று கழித்துப் பார்ப்பதில் ஒரு கிலோ இங்கே அங்கே போகும்.

கைப்பை (இதைக் கண்ணை விட்டு எடுக்காதே)

☐ பாஸ்போர்ட், விசா
☐ பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், தங்கும் விடுதி ஒப்பந்தம்
☐ அங்கே செலவுக்கான பணத்தைப் போட்டு வைத்த முடக்கக் கணக்கின் உறுதிச் சான்று, மருத்துவக் காப்பீட்டுச் சான்று
☐ இந்தியப் படிப்பைச் சரிபார்த்துத் தந்த ஏ.பி.எஸ். சான்றிதழ், பட்டம், மதிப்பெண் பட்டியல்கள்: எல்லாம் அசல். ஒரு நகல் தொகுதி பெரிய பெட்டியில், ஒன்று சித்தப்பாவிடம்
☐ மடிக்கணினி, அதன் சார்ஜர், கைபேசி
☐ பவர் பேங்க்: 100 வாட் மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட் மணிதான், பயமில்லை. ஆனால் செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்
☐ 300 யூரோ ரொக்கம், சில்லறைத் தாள்களாக. பயண அட்டை தனி
☐ இரண்டாவது மூக்குக்கண்ணாடி, பவர் எழுதிய சீட்டு
☐ ஒரு செட் மாற்றுடை, மெல்லிய ஸ்வெட்டர்
☐ ஒரு வார மாத்திரை, மருத்துவர் சீட்டோடு

மின்சாரம்

இதில்தான் எல்லோரும் தேவையில்லாமல் காசைக் கரைக்கிறார்கள். ஜெர்மனியிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் வீட்டில் வருவதேதான். ஆகவே வோல்டேஜ் மாற்றி தேவையில்லை. கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள். பிளக்கின் வடிவம் மட்டும்தான் பிரச்சினை.

☐ மெல்லிய இரண்டு முள் கைபேசி சார்ஜர்: அப்படியே அங்கே சொருகும், அடாப்டர் வேண்டாம்
☐ மூன்று முள் மடிக்கணினி பிளக்குக்கு: இந்திய மூன்று முள்ளிலிருந்து ஜெர்மன் வட்டப் பிளக்குக்கு மாற்றும் அடாப்டர் 2. வட்டப் பிளக்கின் பக்கவாட்டில் உலோகப் பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. எர்த் இணைப்பு அதுதான். "உலகம் முழுக்கப் பயன்படும்" என்று விற்கும் பெட்டி போன்ற அடாப்டர்கள் பலவற்றில் எர்த் கிடையாது
☐ நாலு சாக்கெட் எக்ஸ்டென்ஷன் போர்டு 1. ஒரு அடாப்டரில் இதை மாட்டினால் இந்திய பிளக்குகள் நாலும் ஓடும். மடிக்கணினி, கைபேசி, மேசை விளக்கு வரைக்கும்தான். கெட்டிலையோ ஹீட்டரையோ இதில் சொருகாதே. 6 ஆம்பியர் போர்டு அந்தச் சுமையைத் தாங்காது

மிக்ஸி, ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி மூன்றும் அங்கே வேலை செய்யும். எடைக்காகத்தான் வேண்டாம் என்கிறேன். சித்தி கேட்டால் இதைக் காட்டு.

குளிருக்கு

நீ இறங்குவது செப்டம்பர் 26, சனிக்கிழமை. அப்போது அங்கே இலையுதிர்காலம். கொடைக்கானலின் டிசம்பர் இரவை நினைத்துக்கொள், கூடவே மழை. கடும் குளிர் டிசம்பருக்குப் பிறகுதான். ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். சில இரவுகள் மைனஸ் 10 வரை போகும். அதற்கான தடித்த கோட்டை இங்கே வாங்காதே. இரண்டு கிலோ எடை, பாதிப் பெட்டி இடம், அதற்குப் பிறகும் அங்கத்திய காற்றுக்குத் தாங்குமா என்பது சந்தேகம். அக்டோபரில் அங்கேயே வாங்கலாம். பழைய துணிக் கடைகளில் நல்ல கோட்டு மலிவாகக் கிடைக்கும்.

கட்டடங்களுக்குள் ஹீட்டர் ஓடுவதால் கதகதப்பாக இருக்கும். ஒரே தடித்த உடையைப் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தால் வியர்த்துக் கொட்டும். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றுவதுதான் வழி.

☐ தெர்மல் உள்ளாடை, மேலும் கீழும் 2 செட்
☐ ஃப்ளீஸ் மேலாடை 1
☐ காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட் 1 (ஃப்ளீஸ் மேல் போடும் அளவுக்குத் தளர்வாக)
☐ கம்பளி சாக்ஸ் 3 ஜோடி, பருத்தி சாக்ஸ் 5
☐ காதை மூடும் தொப்பி, கையுறை, கழுத்துத் துணி
☐ முழுக்கை சட்டை 6, ஜீன்ஸ் 2, வேறு பேன்ட் 2
☐ உள்ளாடை 12 செட். துணி துவைக்கும் இயந்திரம் காசு போட்டு ஓடும். தினமும் துவைக்க முடியாது
☐ ஓட்டக் காலணி 1 (போகும்போது போட்டுக்கொள்), அறைச் செருப்பு 1. பனிக் காலணி அங்கே
☐ சுடிதார் 1, பொங்கல் விழாவுக்கு. பட்டுப்புடவை சித்தியிடமே இருக்கட்டும்
☐ படுக்கை விரிப்பு 1, மெல்லிய போர்வை 1. விடுதியில் கட்டிலும் மெத்தையும்தான் இருக்கும். வந்த இரவே தேவைப்படும். தலையணை உறை வேண்டாம், அங்கே தலையணை 80 செ.மீ. சதுரம்
☐ துண்டு 2

சிறிய பெட்டி: சமையல்

☐ 3 லிட்டர் எவர்சில்வர் குக்கர், அடி தட்டையாக. அலுமினியம் இண்டக்‌ஷனில் சூடாகாது. உபரி கேஸ்கெட் 2, வெயிட் 1. குக்கர் வயிற்றுக்குள் பொடிப் பாக்கெட்டுகளை அடைத்துவிடு
☐ சிறிய தோசைக்கல், கரண்டி, கத்தி (செக்-இன் பெட்டியில் மட்டும்)
☐ சாம்பார்ப் பொடி அரை கிலோ, ரசப்பொடி, பருப்புப்பொடி, இட்லிப்பொடி கால் கிலோ வீதம்
☐ பெருங்காயம், புளி கால் கிலோ, மணத்தக்காளி வத்தல், அப்பளம்
☐ புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில்: டேப் சுற்றி, இரண்டு ஜிப் கவருக்குள்
☐ அவல் அரை கிலோ, உடனடி உப்புமா 4 பாக்கெட். நீ சேர்வது சனிக்கிழமை இரவு, ஞாயிறன்று அங்கே கடைகள் மூடியிருக்கும். திங்கள் காலை வரை இதுதான் சாப்பாடு

அரிசியும் பருப்பும் ஆசியக் கடையில் கிடைக்கும்.

மருந்து, இதர

☐ வழக்கமான மாத்திரைகள் மூன்று மாதத் தேவைக்கு மேல் போகாமல், சீட்டோடு, அட்டையிலிருந்து பிரிக்காமல்
☐ பாராசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தைலம்
☐ தேங்காய் எண்ணெய் 200 மி.லி. 24 டிகிரிக்குக் கீழே உறையும். அகலவாய் டப்பாவில் ஊற்று
☐ வாசலின், உதட்டுக்கு மெழுகு
☐ பூட்டு 2, இரண்டு பெட்டியிலும் உள்ளேயும் வெளியேயும் பெயர்ச்சீட்டு

பெட்டிக்குள் போகக் கூடாதவை

✗ நெய், பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு, இறைச்சி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிப்பட்ட பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுபோகத் தடை. சித்தி, ஒரு சின்ன டப்பா நெய் கூட வேண்டாம்
✗ கசகசா. நீ துபாய் வழியாகப் போகிறாய். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்
✗ கொப்பரை. எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்
✗ பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை
✗ பாடப் புத்தகங்கள். ஒன்று ஒரு கிலோ, நூலகத்தில் இருக்கும்

24ஆம் தேதி இரவு இரண்டு பெட்டியையும் எடை போட்டுப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. 37 கிலோவுக்கு மேல் காட்டினால் முதலில் வெளியே எடுக்க வேண்டியது தோசைக்கல்.