பள்ளி வினாடி வினா இறுதிச் சுற்று: நடத்துநர் கையில் இருக்க வேண்டிய பிரதி

பிப்ரவரி 28, பிற்பகல் 2 மணி. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல்: 4 அணிகள், அணிக்கு 3 பேர். அடைப்புக்குள் இருப்பது நடத்துநருக்கு. மற்றதெல்லாம் மைக்கில் படிக்க.

[மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஒட்டிப் பிடித்தால் ‘ப’வும் ‘ம’வும் பின்வரிசையில் ஒன்றாகக் கேட்கும்.]

வணக்கம்! கடைசி பெஞ்சுல இருக்கிறவங்களுக்குக் கேட்குதா? கேட்டா கையைத் தூக்குங்க. நல்லது. முதல் கேள்வி உங்களுக்குத்தான். ஐந்திணையில இன்னைக்கு மேடையில இல்லாத திணை எது? எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க... பாலை! இதுதான் கடைசியா நீங்க கத்தி பதில் சொல்ற கேள்வி. இனிமே கீழேயிருந்து யாராவது விடையைச் சொல்லிட்டா, அந்தக் கேள்வியே ரத்து. நஷ்டம் நீங்க கைதட்டுற அணிக்குத்தான்.

விதிகள். நேரடிக் கேள்விக்கு 30 வினாடி, 10 மதிப்பெண். பாஸ் ஆனா 10 வினாடி, 5 மதிப்பெண். அணித்தலைவர் சொல்றதுதான் விடை. முதல்ல வாயிலிருந்து வந்ததுதான் கணக்கு. ஆட்சேபம் இருந்தா அடுத்த கேள்வி தொடங்கும் முன்னாடி தலைவர் கை தூக்கணும். அதுக்கப்புறம் எடுக்க மாட்டோம்.

முல்லை அணிக்கு. கேள்வியை ரெண்டு தடவை படிப்பேன், ரெண்டாவது முடிஞ்சதும் நேரம் ஓடும். “அணு எண் பதினேழு கொண்ட தனிமம் எது?” ஒன்று, ஏழு: பதினேழு.

[விடை: குளோரின். எதிரொலிக்கிற அரங்கில் பதினேழும் பதினெட்டும் ஒன்றுபோலக் கேட்கும். 18 என்று காதில் விழுந்த அணி ஆர்கான் என்று சொல்லிவிட்டுச் சண்டைக்கு வரும். எண் வந்தால் இலக்கம் இலக்கமாகவும் சொல்லுங்கள். தவறான விடைக்கு “தவறு, பாஸ்” போதும். “கிட்ட வந்துட்டீங்க” என்றால் அடுத்த அணிக்குத் துப்புக் கொடுத்ததாகும்.]

நெய்தல் அணிக்கு. “சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்த ஆண்டு எது?”

[விடை: 1969. ஆட்சேபம் வரப்போகிற கேள்வி இது. 1967 என்று சொன்ன அணி கை தூக்கினால் கீழே உள்ளதைப் படியுங்கள். குரல் உயர வேண்டாம்.]

உங்க ஆட்சேபத்தைக் கேட்டுக்கிட்டேன். நேரத்தை நிறுத்தியாச்சு. கேள்வியை அட்டையில இருக்கிறபடியே மறுபடி படிக்கிறேன். 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத்துல தீர்மானம் நிறைவேறுச்சு, நீங்க சொன்ன ஆண்டு அதுதான். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. கேள்வியில ‘நடைமுறைக்கு வந்த’னு இருக்கு. அதனால மதிப்பெண் இல்லை. அட்டையை நடுவர் மேசையில வைக்கிறேன், தலைவர் வந்து பார்த்துக்கலாம்.

[படிக்கும்போது ‘நடைமுறைக்கு’ விட்டுப்போயிருந்தால் அணி சொல்வதுதான் நியாயம். அப்போது இதைப் படியுங்கள்.]

நான் ஒரு சொல்லை விட்டுட்டேன், தவறு என்னுடையது. இந்தக் கேள்வி ரத்து. இதே அணிக்கு இருப்புக் கேள்வி, முழு 30 வினாடி.

[இருப்பில் 6 கேள்வியாவது வேண்டும். கேட்பவரின் தவறுக்குப் பிள்ளைகள் மதிப்பெண்ணை இழக்கக் கூடாது.]

அரங்கம் தூங்குதா? எல்லாரும் எழுந்திருங்க! பிப்ரவரி 28 ஏன் தேசிய அறிவியல் நாள்? சர் சி.வி.ராமன் பிறந்த நாள்னா ஒரு விரல். நோபல் பரிசு வாங்கின நாள்னா ரெண்டு. ராமன் விளைவைக் கண்டுபிடிச்ச நாள்னா மூணு. காட்டுங்க! மூணுதான் சரி, 1928. பிறந்த நாள் நவம்பர் 7, நோபல் 1930-இல். சரியாக் காட்டினவங்க உட்காரலாம், மத்தவங்க ஒரு நிமிஷம் நின்னு அவங்களுக்குக் கைதட்டுங்க.

[4 நேரடிச் சுற்றில் ஒவ்வொன்று முடிந்ததும் இப்படி ஒன்று. மதிப்பெண் கூட்டுபவருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.]

பஸர் சுற்று. சரின்னா 10, தவறுன்னா 5 போகும். அழுத்தின நொடியே படிப்பதை நிறுத்திடுவேன். “தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டா; தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் எது?”

[விடை: ஆனைமுடி, 2695 மீட்டர். பாதியில் அழுத்தி, தப்பாகச் சொன்னால் மற்ற அணிகளுக்கு முழுக் கேள்வியையும் படியுங்கள். எந்த விளக்கு முதலில் எரிந்தது என்பதை நடத்துநர் சொல்லக் கூடாது. பஸர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் சொல்லட்டும். அட்டையைப் பார்த்துப் படிக்கிற கண்ணுக்கு விளக்கு தெரியாது.]

[முதலிடத்துக்குச் சமநிலை வந்தால்:] ரெண்டு அணிக்கும் ஒரே கேள்வி. பலகையில எழுதுங்க, பேசக் கூடாது. “சூரியனிலிருந்து ஒளி பூமிக்கு வந்து சேர சராசரியாக எத்தனை வினாடி ஆகும்?” நெருங்கின எண்ணுக்கு வெற்றி. 30 வினாடி... நேரம் முடிஞ்சது, எழுதுகோலைக் கீழே வையுங்க. ரெண்டு பலகையையும் சேர்ந்து தூக்குங்க. விடை: 499.

[மதிப்பெண் பலகையை நடுவர் கையெழுத்திட்ட பிறகே நான்காம் இடத்திலிருந்து மேல்நோக்கி அறிவியுங்கள். நான்காம் அணியின் பெயருக்கும் கைதட்டல் முடியும்வரை காத்திருங்கள்.]